மருந்து சரிதான்... நாள் கணக்குதான் தப்பு!

"டாக்டரம்மா, ரெண்டு ட்யூப் க்ரீம் தீர்ந்துபோச்சு. இவன் இன்னும் ராத்திரி பூரா சொறிஞ்சுக்கிட்டேதான் இருக்கான். மருந்தே போலியா, இல்ல வேற ஏதாவது வியாதியா?"

கவலையோடு கேட்ட அந்த அம்மா, 8 வயது மகனின் கையை என் மேஜை மேல் விரித்துக் காட்டினார். விரல் இடுக்கில், மணிக்கட்டில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். சட்டையைத் தூக்கிப் பார்த்தால் தொப்புளைச் சுற்றியும் இருந்தது. பக்கத்தில் நின்ற 11 வயது அக்காவோ, அம்மா பேசி முடிப்பதற்குள் நாலு தடவை தலையைச் சொறிந்துவிட்டாள்.

"இவளுக்குப் பேன். அதுக்கும் லோஷன் போட்டேன். ரெண்டு வாரம் சும்மா இருந்துச்சு. திரும்ப வந்துடுச்சு!"

ட்யூபையும் பாட்டிலையும் வாங்கிப் பார்த்தேன். ட்யூப்பில் இருந்தது பெர்மெத்ரின் 5 சதவிகித க்ரீம். பாட்டிலில் இருந்தது பெர்மெத்ரின் 1 சதவிகித லோஷன். இரண்டுமே சரியான மருந்துகள்தான். போலியும் இல்லை, காலாவதியும் ஆகவில்லை. அப்புறம் ஏன் கேட்கவில்லை?

பையனுக்கு வந்திருந்தது 'ஸ்கேபீஸ்' என்கிற சிரங்கு. இதிலும் சரி, பேனிலும் சரி, மருந்து பூச்சிக்குள் போய் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால், எப்போது போட வேண்டும், ஏன் இரண்டாம் தடவை போட வேண்டும், யார் யார் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும். அந்த அம்மாவுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

தோலுக்குள் ஒரு சுரங்கம்

சிரங்கை உண்டாக்குவது எட்டுக் கால்கள் உள்ள, சிலந்தி இனத்தோடு உறவுள்ள ஒரு நுண்ணிய பூச்சி. பெண் பூச்சியே அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அது தோலின் மேலடுக்கில் சுரங்கம் தோண்டிக்கொண்டு உள்ளேயே குடியிருக்கும். தினமும் இரண்டு, மூன்று முட்டைகள் இடும். முட்டை 3, 4 நாளில் பொரிந்துவிடும். குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும்.

ஒரு சாதாரண நோயாளியின் உடம்பு முழுக்க இருப்பது பெரும்பாலும் 10, 15 பூச்சிகள்தான். அப்படியானால் உடம்பெல்லாம் அரிப்பது ஏன்? பூச்சியும் அதன் கழிவும் நம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் ஏற்படும் அலர்ஜிதான் காரணம். முதன்முறை தொற்றும்போது இந்த அலர்ஜி உருவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை ஆசாமிக்கு அரிப்பே இருக்காது. ஆனால் அவரிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவிக்கொண்டுதான் இருக்கும்!

பேன் கதை வேறு. அது தோலுக்குள் நுழைவதில்லை. முடியைப் பிடித்துக்கொண்டு தொங்கி, ஒரு நாளைக்குப் பல தடவை தலைத்தோலில் ரத்தம் குடிக்கும். முடியின் அடியில் பசை போட்டு ஒட்டிவைக்கும் முட்டைதான் ஈறு. அது பொரிய 7 முதல் 10 நாள் ஆகும். பொரிந்து வந்த குஞ்சு தானே முட்டையிட இன்னும் 9, 10 நாளாவது வேண்டும்.

இந்த நாள் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுதான் கைகொடுக்கும்.

கதவுக்கு முட்டுக்கொடுக்கும் மருந்து

பைரித்ரம் என்று ஒரு பூ. செவ்வந்தி இனத்தைச் சேர்ந்தது. காய்ந்த பூவைப் பொடி செய்து தூவினால் பூச்சிகள் சுருண்டு விழும். அந்தப் பூவில் உள்ள சத்தைப் பார்த்து, வெயிலில் கெடாத மாதிரி ரசாயனக் கூடத்தில் செய்யப்பட்டதுதான் பெர்மெத்ரின். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் மைக்கேல் எலியட் குழுவினர் 1973-இல் இதை உலகுக்கு அறிவித்தார்கள்.

நரம்பில் செய்தி ஓடுவது எப்படி? நரம்பின் சுவரில் சோடியம் உப்புக்கென்று குட்டிக் கதவுகள் உண்டு. கதவு கண நேரம் திறக்கும், சோடியம் உள்ளே பாயும், உடனே கதவு சாத்திக்கொள்ளும். இப்படி வரிசையாகத் திறந்து மூடுவதால்தான் செய்தி நகர்கிறது. பெர்மெத்ரின் அந்தக் கதவுக்கு முட்டுக்கொடுத்த கல் மாதிரி. கதவு சாத்த முடியாது. நரம்பு ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கும். பூச்சி நடுங்கும், பிறகு செயலிழந்து செத்துப்போகும்.

"நமக்கும் நரம்பு இருக்கே டாக்டர்?" என்று அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. நம் நரம்புக் கதவுகளைவிடப் பூச்சியின் கதவுகள் இந்த மருந்துக்கு மிக எளிதில் மாட்டிக்கொள்பவை. தவிர, தோலில் பூசிய பெர்மெத்ரினில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவாகத்தான் உடம்புக்குள் போகிறது. போன கொஞ்சத்தையும் நம் உடம்பு சீக்கிரமே உடைத்து வெளியேற்றிவிடும். பூனையால் அப்படி உடைக்க முடியாது. வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் க்ரீம் பூசிய கையோடு அதைத் தொடாதீர்கள்.

சரி, முட்டைக்குள் என்ன நடக்கிறது? இந்த மருந்து தாக்குவது நரம்பை. ஈறு இட்ட முதல் சில நாட்களில் உள்ளே நரம்பே உருவாகியிருக்காது. இல்லாத கதவுக்கு எப்படி முட்டுக்கொடுப்பது? ஆகவே, முதல் தடவை போடும்போது பேன் சாகும், புது ஈறு தப்பித்துவிடும். அது ஒரு வாரம் கழித்துப் பொரியும். அக்காவின் தலையில் நடந்தது இதுதான். லோஷன் தோற்கவில்லை. பாதி வேலையில் நிறுத்தப்பட்டுவிட்டது.

வாயைக் கட்டிப்போடும் மருந்து

இன்னொன்று ஐவர்மெக்டின். ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் அருகே எடுத்த மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து பிறந்த மருந்து இது. அந்த நுண்ணுயிரைப் பிரித்தெடுத்த சத்தோஷி ஓமுராவும், அதிலிருந்து மருந்து கிடைக்க வழிகண்ட வில்லியம் கேம்ப்பெலும் 2015-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இது பெர்மெத்ரினுக்கு நேர் எதிராக வேலை செய்கிறது. பூச்சியின் நரம்பிலும் தசையிலும் குளோரைடுக்கென்று தனியாக ஒரு வகைக் கதவு இருக்கிறது. நரம்பை அமைதிப்படுத்துவது அதன் வேலை. ஐவர்மெக்டின் அந்தக் கதவைத் திறந்து அப்படியே நிறுத்திவிடும். நரம்பு அடங்கிப்போகும், தசை தளர்ந்துபோகும். பெர்மெத்ரின் நரம்பை ஓயாமல் கத்தவைத்துக் கொல்கிறது. ஐவர்மெக்டின் மௌனமாக்கிக் கொல்கிறது!

இந்த வகைக் கதவு மனித உடம்பில் கிடையாது. அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம் மாதிரியான சில கதவுகள் நம் மூளையில் உண்டு. ஆனால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கும் காவல், மருந்தை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடுகிறது. சரியான அளவில் சாப்பிட்டால் இந்தக் காவல் போதும். அளவு மீறினால் காவலையும் தாண்டிவிடும். மாட்டுக்கும் நாய்க்கும் உள்ள ஐவர்மெக்டினைக் குத்துமதிப்பாக எடுத்துக்கொள்வது ஆபத்து என்று சொல்வது இதனால்தான்.

மாத்திரையாகச் சாப்பிட்டால் ரத்தம் வழியாகத் தோலுக்குப் போய்ச் சிரங்குப் பூச்சியைச் சேர்கிறது. ஓரிரு நாளில் ரத்தத்தில் அதன் அளவு இறங்கிவிடும். முட்டையை இது கொல்வதில்லை. எனவே இதற்கும் இரண்டாம் தவணை உண்டு.

பேனுக்குத் தலையில் தடவும் 0.5 சதவிகித ஐவர்மெக்டின் லோஷனில் மட்டும் ஒரு வேடிக்கை. இதுவும் ஈறைக் கொல்லாது. ஆனால் மருந்து பட்ட ஈறிலிருந்து வரும் குஞ்சின் தொண்டைத் தசை செயலிழந்துவிடுவதால், அதனால் ரத்தம் உறிஞ்ச முடியாது. பட்டினியிலேயே செத்துவிடும். அதனால்தான் இந்த லோஷன் பலருக்கு ஒரே தடவையில் வேலையை முடித்துவிடுகிறது.

அந்த வீட்டில் நடந்த தப்புகள்

"பையனுக்கு எப்படிப் பூசினீங்க?" என்று கேட்டேன்.

"கொப்புளம் இருக்கிற இடத்துல மட்டும். காலையில பூசி, ஒரு மணி நேரம் கழிச்சுக் குளிப்பாட்டி ஸ்கூலுக்கு அனுப்பிடுவேன். தினமும் போட்டேன் டாக்டர்!"

பாவம், உழைப்பில் குறையில்லை. ஆனால் கொப்புளம் இருக்கும் இடமெல்லாம் பூச்சி இருக்கும் இடம் அல்ல. அது அலர்ஜியின் தடயம். பூச்சி கொப்புளமே இல்லாத இடத்தில் சுரங்கத்துக்குள் இருக்கலாம். ஆகவே கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை ஓர் அங்குலம் விடாமல் பூச வேண்டும். மருந்து சுரங்கத்துக்குள் இறங்க நேரம் வேண்டும். 8 முதல் 14 மணி நேரம் உடம்பில் இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் போதாது. அதேபோல், தினமும் பூசுவதால் தோல் வறண்டு எரிச்சல்தான் மிஞ்சும்.

"வீட்ல வேற யாருக்கு அரிப்பு?"

"யாருக்கும் இல்ல. இவனுக்கு மட்டும்தான்."

மே மாத லீவில் ஊரிலிருந்து வந்த மாமா பையனோடு ஒரே பாயில் படுத்திருக்கிறான். அரிப்பு ஆரம்பித்தது ஜூன் நடுவில். கணக்கு சரியாக வருகிறது, இல்லையா? இப்போது பையன் தினமும் பாட்டியோடு ஒரே போர்வையில் தூங்குகிறான். பாட்டிக்கு இன்னும் அரிப்பு வரவில்லை என்பதால் பூச்சி இல்லை என்று அர்த்தமா? பையனைச் சுத்தமாகக் குணப்படுத்தினாலும் பாட்டியிடமிருந்து அவனுக்குத் திரும்ப வரும்.

ஆகவே சிரங்குக்கு வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே நாளில் மருந்து. பேனுக்கு அப்படியில்லை. பேன் கண்ணுக்குத் தெரியும். எல்லோருடைய தலையையும் பார்த்து, உயிருள்ள பேன் இருப்பவர்களுக்கு மட்டும் போட்டால் போதும். ஒட்டவெட்டிய பையன் தலையில் பேன் இல்லை. மகளோடு ஒரே தலையணையில் படுக்கும் அம்மாவின் தலையில் இருந்தது!

ஐந்து பேருக்கும் போட்ட அட்டவணை

சனிக்கிழமை இரவு: எல்லோருக்கும் நகம் வெட்டியாயிற்று. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், நாலு பேரும் 5 சதவிகித க்ரீம் பூசிக்கொண்டார்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஒரு 30 கிராம் ட்யூப். பிள்ளைகளுக்கு அரை ட்யூப். விரல் இடுக்கு, நகத்தின் அடி, அக்குள், தொப்புள், தொடை இடுக்கு, பிட்டம், உள்ளங்கால் எல்லாம் சேர்த்து. இடையில் கை கழுவினால் கைக்கு மட்டும் மறுபடி பூச வேண்டும். கைக்குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் க்ரீம் போடுவதாக இருந்தால் கண், வாயைத் தவிர்த்து முகத்திலும் தலையிலும்கூடப் பூச வேண்டியிருக்கும்.

பாட்டிக்கு மூட்டுவலி. கை முதுகுக்கு எட்டாது. மருமகளைப் பூசிவிடச் சொல்லவும் கூச்சம். "எனக்கு மாத்திரையே குடுத்துடுங்க டாக்டரம்மா" என்றார். கொடுக்கலாம். ஐவர்மெக்டின் அளவு எடையைப் பொறுத்தது. ஒரு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். பாட்டியின் எடை 45 கிலோ. 45-ஐ 200-ஆல் பெருக்கினால் 9,000 மைக்ரோகிராம், அதாவது 9 மில்லிகிராம். 3 மில்லிகிராம் மாத்திரை மூன்று, ஒரே வேளையில், சாப்பாட்டுக்குப் பின். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா என்று கேட்டுக்கொண்டுதான் எழுதினேன். இது பாட்டிக்கான கணக்கு. உங்களுக்கு உங்கள் டாக்டர்தான் போட வேண்டும். 15 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த மாத்திரை கிடையாது. அவர்களுக்கு க்ரீம்தான். 2 மாதத்துக்கும் குறைந்த குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் அதையும் தொடக்கூடாது.

ஞாயிறு காலை: எல்லோரும் குளித்தார்கள். போர்வை, தலையணை உறை, கடந்த மூன்று நாட்களில் உடுத்திய துணிகள் எல்லாம் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட்டாயிற்று. துவைக்க முடியாத கம்பளியை பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைத்தார்கள். மனித உடம்பு கிடைக்காவிட்டால் சிரங்குப் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. பேன் அதைவிட சீக்கிரம் போய்விடும்.

அதே காலையில் மகளுக்கும் அம்மாவுக்கும் 1 சதவிகித லோஷன். ஷாம்பு போட்டு அலசி, டவலால் ஈரம் ஒற்றி எடுத்து, வேர்க்கால் வரை தடவி, 10 நிமிடம் கழித்து வாஷ்பேசினில் குனிந்தபடி அலச வேண்டும். இங்கேதான் அம்மா முன்பு ஒரு தப்பு செய்திருந்தார். முடி மிருதுவாக வரட்டும் என்று கண்டிஷனர் போட்டுவிட்டு அதன் மேல் லோஷன் தடவியிருக்கிறார். கண்டிஷனர் முடியில் படலமாகப் படிந்து மருந்தைத் தடுத்துவிடும். எண்ணெயும் வேண்டாம். பிறகு பேன்சீப்பால் ஈரத்தலையைப் பகுதி பகுதியாக வாரினார்கள்.

அடுத்த சனி இரவு: நாலு பேருக்கும் மறுபடி க்ரீம், பாட்டிக்கு மறுபடி மாத்திரை. முதல் தடவை தப்பிய முட்டையெல்லாம் 3, 4 நாளில் பொரிந்திருக்கும். ஆனால் ஒரு குஞ்சுகூட முட்டையிடும் வயதை எட்டியிருக்காது. அந்த இடைவெளியில் அடிக்கிறோம்!

அடுத்த திங்கள் மாலை: லோஷன் போட்ட ஞாயிறிலிருந்து எண்ணினால் 9-ஆம் நாள். தப்பிய ஈறுகள் பெரும்பாலும் பொரிந்திருக்கும். குஞ்சுகள் இன்னும் குஞ்சுகள்தான். மகளுக்கும் அம்மாவுக்கும் இரண்டாம் தடவை லோஷன். அதன் பிறகும் இரண்டு வாரத்துக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை பேன்சீப்பு. பிந்திப் பொரிகிற ஒன்றிரண்டை அது பிடித்துவிடும்.

கேட்டதா, இல்லையா? எப்படித் தெரியும்?

பேனில் கண்டுபிடிப்பது எளிது. லோஷன் போட்டு 8 முதல் 12 மணி நேரம் கழித்துச் சீப்பால் வாரிப் பாருங்கள். செத்த பேனோ, தள்ளாடுகிற பேனோ வந்தால் மருந்து வேலை செய்கிறது. உடனே மறுபடி போடாதீர்கள். 9-ஆம் நாள் வரை பொறுங்கள். செத்த பேன் ஒன்றுகூட இல்லை, எல்லாம் பழையபடி விறுவிறுவென்று ஓடுகின்றன என்றால், அந்தப் பேனின் சோடியம் கதவே மாறிப்போயிருக்கலாம். பெர்மெத்ரின் என்ற கல் அதில் பொருந்தாது. பல நாடுகளில் இப்படிப்பட்ட பேன்கள் பெருகிவிட்டன. அப்போது அதையே திரும்பத் திரும்ப ஊற்றிப் பயனில்லை. ஐவர்மெக்டின் போல வேறு கதவைத் தாக்கும் மருந்துக்கு மாற வேண்டும். மண்ணெண்ணெய் வைத்தியத்துக்கு மட்டும் போகாதீர்கள். தீப்பிடித்தால் தலையோடு போய்விடும்.

முடியில் வெள்ளையாக ஈறு ஒட்டியிருக்கிறதே என்று பதற வேண்டாம். தலைத்தோலிலிருந்து அரை சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பவை பெரும்பாலும் வெறும் ஓடுகள்.

சிரங்கில்தான் ஏமாந்துபோவோம். பூச்சி செத்த பிறகும் அதன் உடலும் கழிவும் தோலுக்குள்ளேயே இருக்கும். தோல் உதிர்ந்து அவை வெளியேறும் வரை, 2 முதல் 4 வாரம் அரிப்பு இருக்கத்தான் செய்யும். இதைத் தோல்வி என்று நினைத்துப் பலர் மறுபடி மறுபடி க்ரீம் பூசுகிறார்கள். இந்த நாட்களில் வேண்டியது அரிப்புக்கு டாக்டர் தரும் மாத்திரையும், தோல் வறளாமல் இருக்கத் தேங்காயெண்ணெயும்தான். புதுசாகக் கொப்புளமோ, வளைந்த கோடு போன்ற சுரங்கமோ வந்தாலும், 4 வாரத்துக்கு மேல் அரிப்பு நீடித்தாலும் மறுபடி காட்ட வேண்டும். சீழ் பிடித்தால் உடனே வாருங்கள்.

கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசாதீர்கள். அரிப்பு அடங்கும். ஏனென்றால் அது அலர்ஜியை அமுக்குகிறது. பூச்சியோ உள்ளே நிம்மதியாகப் பெருகும். பிறகு நோயை அடையாளம் கண்டுபிடிப்பதே கஷ்டமாகிவிடும்.

அந்த அம்மா மூன்றாவது வாரம் வந்தார். "அரிப்பு பாதிதான் குறைஞ்சிருக்கு டாக்டர். இன்னொரு ட்யூப் வாங்கட்டுமா?"

பையனின் விரல் இடுக்கைப் பார்த்தேன். பழைய தழும்புகள் மட்டும்தான். புதுசாக ஒன்றும் இல்லை.

"வேண்டாம்மா. இன்னும் பத்து நாள் பொறுங்க."

ஐந்தாவது வாரம் போன் வந்தது. பேசியது பாட்டி. "டாக்டரம்மா, பேரன் ராத்திரி அசையாமத் தூங்குறான். ஊர்ல அந்த மாமா பையன் வீட்டுக்கும் சொல்லணும்ல? தீபாவளிக்கு வர்றாங்க!"

நான் சொல்ல மறந்ததைப் பாட்டி சொல்லிவிட்டார்.